பாடசாலைக் கட்டணத்தில் சலுகை கோரல்

வட்டக்கச்சி,
கிளிநொச்சி.
06.10.2025

அதிபர் அவர்கள்,
பாடசாலை அலுவலகம்,
கிளிநொச்சி.

மதிப்பிற்குரிய அதிபர் ஐயா,

தரம் 11 மாணவி கம்சிகா, தரம் 6 மாணவன் அபினாஷ் ஆகியோரின் கட்டணம் தொடர்பாக

மேற்படி இரண்டு பிள்ளைகளின் தாய் நான். என் கணவர் சிவராசா கடந்த 18.07.2025 அன்று காலமானார். மரணவீட்டுக்குப் பாடசாலையிலிருந்து ஆசிரியர்கள் வந்திருந்தார்கள், அதனால் தாங்கள் அறிவீர்கள். வேலை முடிந்து இரவு பரந்தன் - முல்லைத்தீவு வீதியால் வரும்போது, நடு வீதியில் படுத்திருந்த கட்டாக்காலி மாடுகளில் மோட்டார் சைக்கிள் மோதியது. கிளிநொச்சி வைத்தியசாலையிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு மாற்றினார்கள். மூன்றாம் நாள் முடிந்துவிட்டது.

எங்கள் வீட்டில் உழைத்தவர் அவர் ஒருவர்தான். அடுத்தவரின் உழவு இயந்திரத்தை நாள் சம்பளத்துக்கு ஓட்டியவர், அதனால் சேமலாப நிதி என்று எதுவும் இல்லை. மோட்டார் சைக்கிளுக்கு இருந்தது மூன்றாம் நபர் காப்புறுதி. அதில் ஓட்டியவருக்கு எதுவும் கிடைக்காது. மாட்டுக்குச் சொந்தக்காரர் என்று யாரும் முன்வரவில்லை. வருவார்கள் என்று நானும் எதிர்பார்க்கவில்லை. மரண உதவிச் சங்கம் தந்த காசு செத்தவீட்டுச் செலவுக்குப் போனது. அந்தியேட்டிக்கு என் காப்பை அடகு வைத்தேன்.

ஒவ்வொரு மாதமும் முதல் சனிக்கிழமை அவரே அலுவலகத்துக்கு வந்து இரண்டு பிள்ளைகளின் கட்டணத்தையும் கையில் கட்டிவிட்டுப் போவார். சேறு காயாத செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வருவார் என்று அலுவலக உதவியாளர் அம்மா என்னிடம் சொல்லி வருந்தினார். யூலை வரை ஒரு மாதமும் நிலுவை இல்லை. ஓகஸ்ட், செப்டெம்பர் இரண்டு மாதமும் நான் கட்டவில்லை. மகளுக்கு மாதம் 7,500, மகனுக்கு 6,000, ஆக இரண்டு மாதத்துக்கு 27,000 ரூபா நிற்கிறது.

அரச பாடசாலை இலவசமாக இருக்கும்போது ஏன் இங்கே என்று தாங்கள் கேட்கக்கூடும். உறவினரும் அதைத்தான் கேட்கிறார்கள். கம்சிகா 2009 ஒக்டோபரில் செட்டிகுளம் முகாமில் பிறந்தவள். இடப்பெயர்வுகளால் அவளுடைய அப்பா தரம் 7 உடன் படிப்பை விட்டவர். பிள்ளைகளாவது ஆங்கில மொழிமூலம் படிக்க வேண்டும் என்பது அவருடைய பிடிவாதம். நான் அப்போதே மறுத்தேன், அவர் கேட்கவில்லை. சரி, அது முடிந்த கதை. இப்போது மகள் வரும் பெப்ரவரியில் சாதாரண தரப் பரீட்சை எழுத வேண்டும். விண்ணப்பமும் பாடசாலை ஊடாகத்தான் போகிறது. கணிதமும் விஞ்ஞானமும் ஆங்கிலத்தில் படித்த பிள்ளையை இன்னும் சில மாதங்கள் இருக்கும்போது தமிழ் மொழிமூல வகுப்பில் கொண்டுபோய் இருத்த முடியாது. அவளை இந்தப் பரீட்சை முடியும் வரை இங்கேயே வைத்திருக்க விரும்புகிறேன்.

மகன் விடயம் வேறு. அவனுக்கு இன்னும் காலம் இருக்கிறது. இந்த வருடத்தின் மூன்றாம் தவணை முடிந்ததும் அவனை எங்கள் ஊரிலுள்ள அரச பாடசாலையில் சேர்க்க முடிவெடுத்துவிட்டேன். அவனுக்கு இன்னும் சொல்லவில்லை. தயவுசெய்து வகுப்பாசிரியையும் இப்போதைக்குச் சொல்லாமல் இருக்கட்டும்.

என் வருமானத்தையும் மறைக்காமல் எழுதுகிறேன். விடியவே இடியப்பம் அவித்து இரண்டு கடைகளுக்குக் கொடுக்கிறேன். மாவும் விறகும் போக மாதம் 18,000 ரூபா அளவில் மிஞ்சும். வவுனியாவிலுள்ள என் அண்ணன் மாதம் 10,000 அனுப்புகிறார், அவருக்கும் மூன்று பிள்ளைகள். இந்த 28,000இல் நுண்கடனுக்குக் கிழமைக்கு 1,850 கட்ட வேண்டும், அது வரும் ஏப்ரலில்தான் முடியும். முழுக் கட்டணத்தையும் கட்டினால் ஒரு மாதச் சாப்பாட்டுக்கும் மின்சாரத்துக்கும் மருந்துக்கும் 7,100 ரூபாதான் கையில் நிற்கும். வானை ஓகஸ்டிலேயே நிறுத்திவிட்டேன். மகள் பேருந்தில் சீசன் எடுத்து வருகிறாள், மகனை அயலவர் தன் பிள்ளையோடு ஏற்றி வருகிறார். அவன் சில நாட்களில் பிந்தி வருவதற்குக் காரணம் அதுதான். அஸ்வெசும உதவிக்குப் பிரதேச செயலகத்தில் மனுக் கொடுத்திருக்கிறேன், முடிவு வரவில்லை.

இரணைமடுவின் கீழ் எங்களுக்கு இரண்டு ஏக்கர் வயல் இருக்கிறது. அனுமதிப்பத்திரம் அவர் பெயரில், பின்னுரித்தாளராக என் பெயர் பதிந்திருக்கிறது. என்னால் இந்தக் காலபோகம் விதைக்க முடியாததால் குத்தகைக்குக் கொடுத்துள்ளேன். அறுவடை முடிந்து நெல் விற்ற பிறகுதான் குத்தகைக் காசு தருவார். மழையும் வெள்ளமும் கெடுக்காவிட்டால் மார்ச்சில் கைக்கு வரும்.

ஆகவே ஐயாவிடம் நான் கேட்பது இதுதான். ஒக்டோபர் தொடக்கம் மகளுக்குப் பெப்ரவரி வரையும், மகனுக்கு டிசெம்பர் வரையும் பாதிக் கட்டணம் மட்டும் அறவிட வேண்டும். அது மாதம் 3,750 உம் 3,000 உம். அதை ஒவ்வொரு மாதமும் 10ஆம் திகதிக்குள் நானே கொண்டுவந்து கட்டுவேன். பழைய நிலுவை 27,000ஐத் தள்ளுபடி செய்யுமாறு கேட்கவில்லை, மார்ச் மாதம் வரை தவணை தர வேண்டும். மகனின் விடுகைப் பத்திரத்தை அந்த நிலுவைக்காக மறிக்காமல் டிசெம்பரிலேயே தந்துதவ வேண்டும், அது இல்லாமல் ஜனவரியில் அவனை எங்கும் சேர்க்க முடியாது.

இன்னொன்று, இது காசு விடயமல்ல. கட்டண நினைவூட்டல் துண்டை வகுப்பில் வைத்துப் பிள்ளையின் கையில் கொடுக்கிறார்கள். சென்ற மாதம் மகள் அதை எனக்குக் காட்டவேயில்லை. கணிதக் கொப்பியின் உறைக்குள் நான்காக மடித்து வைத்திருந்தாள், கொப்பிக்கு உறை மாற்றும்போதுதான் கண்டேன். பாடசாலையும் கட்டணத்தில்தான் நடக்கிறது, கேட்பதில் பிழை இல்லை. ஆனால் என்னிடம் கேளுங்கள் ஐயா. அலுவலகக் குறுஞ்செய்திகளும் இன்னும் அவருடைய இலக்கத்துக்கே போகின்றன, அந்தத் தொலைபேசி விபத்தில் உடைந்துவிட்டது. என் இலக்கத்தை மகளின் மாணவர் பதிவேட்டில் எழுதி அனுப்பியிருக்கிறேன். அதைப் பதிவில் மாற்றிவிட்டால் போதும்.

மரண அத்தாட்சிப் பத்திரத்தின் பிரதி, பிரதேச செயலாளர் மேலொப்பமிட்ட கிராம அலுவலரின் வருமானச் சான்றிதழ், வயல் குத்தகை எழுத்தின் பிரதி, நுண்கடன் அட்டையின் பிரதி ஆகியவற்றை இத்துடன் இணைத்துள்ளேன். மூலப் பிரதிகளைப் பார்க்க வேண்டுமானால் கொண்டுவருவேன். நேரில் வரச் சொன்னால் காலை 9 மணிக்குப் பிறகு எந்த நாளும் வரலாம், அதற்கு முன் கடைகளுக்கு இடியப்பம் கொடுத்து முடிந்திருக்காது. முழுவதும் செய்ய முடியாவிட்டால் எவ்வளவு முடியும் என்பதையாவது இம்மாத முடிவுக்குள் எழுத்தில் அறியத் தந்தால், அதற்கேற்றபடி அண்ணனோடு கதைத்து ஒழுங்கு செய்வேன்.

நன்றி.

இங்ஙனம்,
தங்கள் உண்மையுள்ள,
சுகந்தினி சிவராசா
(கம்சிகா, அபினாஷ் ஆகியோரின் தாய்)

பிரதி: பாடசாலை நிர்வாகக் குழுச் செயலாளர்