கோட்டை மான்கள்: 110 செக்கன் இயற்கைப் படத்துக்கான பிராம்ப்ட்

கணினியில் உருவாக்கும் 110 செக்கன் நீளமான இயற்கை ஆவணப்படம் ஒன்று வேண்டும். இடம் இலங்கையின் கிழக்குக் கரையில் திருகோணமலை, பிரட்றிக் கோட்டையின் உட்புறமும் அதற்கு மேலே கோணேசர் கோயில் நிற்கும் சுவாமி மலையின் கடற்பக்கமும். ஆனி மாதம், விடியற்காலை ஐந்தே முக்காலில் தொடங்கி ஏழு மணிக்குள் முடியும் ஒரே காலை. சோளகக் காற்றுக் காலம் என்பதால் புல் பாதிக்கு மேல் காய்ந்து பழுப்பாக இருக்கும். மூடுபனி வேண்டாம். இது நுவரெலியா இல்லை.

கமரா எப்போதும் தூரத்திலேயே நிற்கிறது. 400 முதல் 800 மில்லிமீற்றர் வரையான நீள லென்ஸ், கனமான முக்காலி, மானின் கண் உயரம். ஆளொருவர் புல்லில் குந்தியிருந்து ஒரு மணித்தியாலம் காத்திருந்து எடுத்ததுபோல் இருக்க வேண்டும். பின்னால் உள்ள மரங்களும் கோட்டை மதிலும் நெருங்கி வந்து, கலங்கிய நிறத் திட்டுகளாகத் தெரியட்டும். முன்னால் இரண்டொரு புல் நுனி மங்கலாகக் குறுக்கே நிற்கலாம், அதைத் துப்புரவாக்க வேண்டாம். ட்ரோன் காட்சி, மானைச் சுற்றிவரும் கமரா, திடீர் ஸூம், ஸ்லோமோஷன் ஒன்றும் வேண்டாம். காற்றடிக்கும்போது பிரேம் மயிரிழை அளவு நடுங்கினால் நல்லது.

மான்களைப் பற்றி இரண்டு சொல். இவை இலங்கைப் புள்ளிமான்கள். செம்பழுப்பு உடலில் வெள்ளைப் புள்ளி, குட்டிக்கும் கிழத்துக்கும் ஒன்றுதான், வயதானாலும் புள்ளி மறையாது. ஆணின் கொம்பில் பக்கத்துக்கு மூன்று கிளைதான். சென்ற தடவை வந்த வீடியோவில் ஐரோப்பிய மானின் தலையில் மரக்கிளைபோல் ஒரு கொம்பு முளைத்திருந்தது, ஊரில் யாருக்குக் காட்டினாலும் சிரிப்பார்கள். ஒரு ஆணின் கொம்பு முற்றி வழுவழுப்பாக இருக்கட்டும், இன்னொன்றின் கொம்பு இன்னும் பஞ்சுபோன்ற தோல் மூடியபடி இருக்கட்டும். கோட்டை மான்கள் ஆட்களுக்குப் பழகியவை, ஆளைக் கண்டதும் ஓடாது. அதனால் பயந்து பாயும் காட்சி பொய்யாகிவிடும்.

முதற் காட்சி, 12 செக்கன், 400 மில்லிமீற்றர். சூரியன் இன்னும் எழவில்லை, நீலச் சாம்பல் வெளிச்சம். பெரிய மரமொன்றின் அடியில் ஏழெட்டு மான்கள் படுத்திருக்கின்றன. முதல் ஐந்து செக்கனுக்கு எதுவும் அசையாது, பிறகு ஒரு காது மட்டும் அசைகிறது. கமரா அசையக் கூடாது.

இரண்டாவது, 18 செக்கன், 600 மில்லிமீற்றர். படுத்திருக்கும் ஆணின் தலையும் தோளும். தாடை பக்கவாட்டில் அரைத்து அசைபோடுகிறது, ஒரு தடவை நின்று விழுங்கி மறுபடி தொடங்குகிறது. எட்டாவது செக்கனளவில் காகம் ஒன்று பிரேமுக்குள் வந்து முதுகில் குந்துகிறது. மயிருக்குள் உண்ணி தேடிக் கொத்துகிறது, மான் கண்ணைப் பாதி மூடிக்கொள்கிறது. போகஸ் மானின் கண்ணிலேயே இருக்கட்டும், காகம் சற்றுக் கலங்கினால் பரவாயில்லை.

மூன்றாவது, 20 செக்கன். முதல் வெயில் கடற்பக்கமிருந்து தாழ்வாக வந்து புல்லின் மேல் படுகிறது. பெண்மான் தனியே மேய்கிறது. பத்து செக்கன் அது மட்டும்தான். பிறகு பின்னாலுள்ள மதில் நிழலிலிருந்து குட்டி எழும்பி வருகிறது. அதுவரை அங்கே ஒன்று கிடந்ததே பார்ப்பவருக்குத் தெரிந்திருக்கக் கூடாது. மெலிந்த கால், நேரான நடை இல்லை. பால் குடிக்கத் தலையால் முட்டும்போது காட்சி முடிகிறது.

நான்காவது, 8 செக்கன். தூரத்தில் கோயில் மணி. எல்லா மான்களும் ஒருமிக்கத் தலை தூக்குகின்றன. வால் தாழ்ந்தே இருக்க வேண்டும், வால் தூக்கினால் அது ஆபத்துக்கான அறிகுறி. இரண்டு செக்கனில் மறுபடி மேய்ச்சல். கோபுரத்தைக் காட்ட வேண்டாம், ஓசை போதும். பெயர்ப்பலகை, எழுத்து எதுவும் எந்தக் காட்சியிலும் வரக் கூடாது. தமிழ் எழுத்தைக் குதறிய வீடியோக்கள் நிறையப் பார்த்தாயிற்று.

ஐந்தாவதுதான் படத்தின் உயிர். 24 செக்கன், 800 மில்லிமீற்றர், சுவாமி மலை விளிம்பிலிருந்து கிழக்கே கடலைப் பார்த்து. எதிர்வெயில், தண்ணீர் வெள்ளித் தகடு, தொடுவானத்தில் வெப்பக் காற்று நெளிகிறது. முதல் பத்து செக்கனுக்கு வெறும் கடல். பார்ப்பவர் பொறுமை இழக்கிற அந்த நேரத்தில், நடுவிலிருந்து சற்று இடப்பக்கமாக, உயரமான ஒற்றை மூச்சு எழும்புகிறது. நீலத் திமிங்கிலத்தின் மூச்சு ஒன்பது மீற்றர் வரை போகும், வெயில் பின்னாலிருப்பதால் புகைத் தூண்போல் ஒளிரும். காற்று அதை மெல்லச் சரிக்கிறது. அப்புறம் நீண்ட சாம்பல்நீல முதுகு உருண்டு போய்க்கொண்டே இருக்கிறது, வெகுநேரம் கழித்து, வாலுக்குக் கிட்ட, சின்னஞ்சிறு முதுகுத் துடுப்பு. திமிங்கிலம் துள்ளக் கூடாது, வாயைப் பிளக்கக் கூடாது, கமராவை நோக்கி வரவும் கூடாது. முதுகு மறைந்த இடத்தில் தண்ணீர் மட்டும் கொஞ்ச நேரம் எண்ணெய் தடவியதுபோல் வழுவழுப்பாகக் கிடக்கட்டும். வெட்டுவதற்கு முன் அதை ஐந்து செக்கன் பார்க்க விட வேண்டும்.

ஆறாவது, 14 செக்கன். பாறையில் மோதி மேலெழும் காற்றில் செம்பருந்து ஒன்று இறகடிக்காமல் மிதக்கிறது. செம்பழுப்பு உடல், வெள்ளைத் தலையும் மார்பும். கமரா பறவையோடு மெதுவாகத் திரும்பலாம், பறவையின் முகத்துக்கு முன்னால் இடம் விட்டு. படம் முழுவதிலும் கமரா அசைவது இந்த ஒரு தரம்தான்.

கடைசி, 14 செக்கன். மறுபடி கோட்டை. நிழலும் வெயிலும் கலந்த தார் வீதியை ஆண்மான் ஒன்று நிதானமாகக் குறுக்கறுத்து மரங்களுக்குள் போய்விடுகிறது. எட்டாவது செக்கனில் மான் இல்லை. மிச்ச ஆறு செக்கனும் வெறும் வீதி, அசையும் இலை நிழல்.

ஒலி: இசை வேண்டாம், பேச்சுக் குரலும் வேண்டாம். காற்று, காகம், தூரத்து அலை, அசைபோடும் தாடையின் ஓசை, ஒரே ஒரு முறை மணி. விவரணையை ஓய்வுபெற்ற ஆசிரியையான என் பெரியக்கா தனியாக வாசித்துப் பதிவுசெய்யப் போகிறா. அவ ஒரு வசனத்துக்கும் அடுத்ததுக்கும் இடையில் மூச்செடுத்து, கண்ணாடியையும் சரிசெய்துகொள்ளும் ஆள். அதனால் ஒவ்வொரு காட்சியின் தொடக்கத்திலும் இரண்டு செக்கன், முடிவில் மூன்று செக்கன், பெரிய ஓசையும் அசைவும் இல்லாமல் இருக்கட்டும். ஐந்தாவது காட்சியில் அவ வாசிக்கப்போவது இதுதான், நேரக்கணக்குக்காகத் தருகிறேன், திரையில் போடுவதற்கில்லை: "இந்தக் கடல் கரைக்குக் கிட்டவே ஆழமாகிவிடும். அதனால்தான் இவ்வளவு பெரிய உயிர் இவ்வளவு அருகில் வருகிறது." முதல் வசனம் வெறுங்கடலின் மேல், இரண்டாவது முதுகு மறைந்த பிறகு. மூச்சு எழும்பும்போது அவ பேசமாட்டா.

நிறம்: இயல்பானது, சற்றே மங்கல். செம்மஞ்சள் சாயம் ஏற்ற வேண்டாம். அகலத்திரை, செக்கனுக்கு 24 பிரேம். காட்சிகளை நேரடியாக வெட்டி இணைக்க வேண்டும், கரைந்து மாறும் இணைப்பு வேண்டாம். கணினியில் உருவாக்கிய படம் என்ற அறிவிப்பைத் தொடக்கத்தில் நாங்களே சேர்த்துக்கொள்வோம். பள்ளிப் பிள்ளைகள் பார்க்கப் போகும் படம், அந்தத் திமிங்கிலத்தை யாரோ நிஜமாகவே பிடித்த காட்சி என்று அவர்கள் நம்பிவிடக் கூடாது.