சோதனைக்கு முந்தைய திட்டம்: முருங்கை விதையின் அளவும் கலங்கல் நீரின் தெளிவும்

பதினோராம் வகுப்பு வேதியியல், மூவர் குழு. ஆசிரியரின் ஒப்புதலுக்காக.

கேள்வி

களிமண் கலந்த கலங்கல் நீரில் முருங்கை விதைச் சாற்றின் அளவைக் கூட்டிக்கொண்டே போனால், 45 நிமிடம் தெளியவிட்ட பிறகு நீர் எவ்வளவு தெளிவாக இருக்கும்?

ஆற்றில் புதுத் தண்ணீர் வரும்போது எங்கள் ஊர் வாய்க்கால் செம்மண் நிறத்தில் ஓடும். அதைக் குடத்தில் பிடித்துத் தேற்றாங்கொட்டையை உரசித் தெளியவைப்பது பழைய வழக்கம். இன்று பலர் படிகாரம் போடுகிறார்கள். முருங்கை விதைக்கும் இந்தக் குணம் உண்டு என்பது ஏற்கெனவே நிறுவப்பட்ட செய்தி. அதனால் "விதை தண்ணீரைத் தெளியவைக்குமா?" என்பதை நாங்கள் கேள்வியாக எடுத்துக்கொள்ளவில்லை. அதற்கு ஆம், இல்லை என்று ஒரு சொல்லில் பதில் முடிந்துவிடும். எவ்வளவு போட்டால் போதும், அளவு மீறினால் என்ன ஆகும் என்பதைத்தான் அளந்து பார்க்க விரும்புகிறோம்.

கருதுகோள்

விதைச் சாற்றின் அளவு சுழியிலிருந்து கூடும்போது நீரின் தெளிவும் கூடும். லிட்டருக்கு 100 முதல் 400 மில்லிகிராம் வரையுள்ள ஏதோ ஓர் அளவில் தெளிவு உச்சத்தைத் தொடும். அதற்கு மேல் போனால் தெளிவு குறையும். ஆகவே வரைபடம் நேராக ஏறும் கோடாக இருக்காது, ஏறி இறங்கும் மேடாக இருக்கும் என்று எதிர்பார்க்கிறோம்.

காரணம் இதுதான். களிமண்ணின் மிக நுண்ணிய துகள்கள் நீரில் எதிர்மின் சுமை கொண்டவை. ஒன்றையொன்று விலக்குவதால் அவை சேராமல், எளிதில் அடியில் படியாமல் மிதக்கின்றன. முருங்கைப் பருப்பில் நீரில் கரையக்கூடிய, நேர்மின் சுமையுள்ள புரதங்கள் இருக்கின்றன. அவை துகள்களில் ஒட்டிச் சுமையைச் சமன் செய்தால் விலக்கம் தளர்கிறது. துகள்கள் மோதி, ஒட்டி, கண்ணுக்குத் தெரியும் திரள்களாகிக் கீழே இறங்குகின்றன. புரதம் தேவைக்கு மேல் போனால் துகளின் மேற்பரப்பு முழுவதையும் அதுவே மூடிக்கொள்ளும். அப்போது எல்லாத் துகள்களும் நேர்மின் சுமை பெற்று மறுபடி விலகத் தொடங்கும்.

எங்கள் கணிப்பை எண்ணாகவும் எழுதிவைக்கிறோம். சாறு சேர்க்காத பீக்கரில் பார்வை ஆழம் (அளக்கும் முறை கீழே உள்ளது) 6 செ.மீ.க்குள் இருக்கும். உச்ச அளவில் குறைந்தது 12 செ.மீ. வரும். லிட்டருக்கு 800 மி.கி. போட்ட பீக்கரில் உச்சத்தைவிட 2 செ.மீ.யாவது குறையும்.

800 மி.கி.யிலும் பார்வை ஆழம் உச்சத்திலேயே நின்றாலோ இன்னும் ஏறினாலோ, நாங்கள் எடுத்துக்கொண்ட அளவுகளுக்குள் கருதுகோளின் இரண்டாம் பாதி தவறு. எந்த அளவிலும் தெளிவு கூடவில்லை என்றால் முதல் பாதியே தவறு. இரண்டில் எது நடந்தாலும் அறிக்கையில் அப்படியே எழுதுவோம்.

மாறிகள்

சாரா மாறி, அதாவது நாங்களே மாற்றுவது: ஒரு லிட்டர் நீருக்குச் சேர்க்கும் விதைப் பொடியின் அளவு. 0, 50, 100, 200, 400, 800 மி.கி. என ஆறு நிலைகள். பொடியை நேரடியாகக் கொட்டாமல் சாறாக்கி வடிகட்டித்தான் சேர்க்கிறோம். எனவே இந்த மில்லிகிராம் கணக்கு சாறு எடுக்கப் பயன்பட்ட பொடியின் எடையைக் குறிக்கும், கரைந்த புரதத்தின் எடையை அல்ல. அறிக்கையிலும் இதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும்.

சார்ந்த மாறி, அதாவது நாங்கள் அளப்பது: 45 நிமிடம் தெளிந்த பிறகு மேல்நீரின் பார்வை ஆழம், செ.மீ. அளவில்.

மாறாமல் வைப்பவை: களிமண்ணும் தொடக்கக் கலங்கலும், நீர் எடுக்கும் குழாய், பீக்கரின் வடிவமும் மொத்த நீர் அளவும் (500 மி.லி.), கலக்கும் வேகமும் நேரமும், தெளியவிடும் நேரம், நீரை உறிஞ்சும் ஆழம், அளக்கும் ஜாடி, விளக்கொளி, அளவைப் படிப்பவர். விதைகள் எல்லாம் ஒரே மரத்தின் முற்றிக் காய்ந்த நெற்றுகளிலிருந்து வரும். அறை வெப்பநிலையை நாங்கள் கட்டுப்படுத்த முடியாது. ஆனால் ஒரு சுற்றின் ஆறு பீக்கர்களும் ஒரே நேரத்தில் ஒரே மேசையில் இருப்பதால் அது எல்லாவற்றுக்கும் பொதுவாகிவிடும். ஒவ்வொரு சுற்றிலும் நீரின் வெப்பநிலையைக் குறித்துக்கொள்வோம்.

இதில் எளிதில் நழுவிவிடக்கூடியது சாற்றோடு சேரும் நீர். 800 மி.கி. பீக்கருக்கு 40 மி.லி. சாறு போகும், 50 மி.கி. பீக்கருக்கு 2.5 மி.லி. மட்டும் போகும். அப்படியே விட்டால் 800 மி.கி. பீக்கரின் கலங்கல் நீர்த்துப்போவதாலேயே அது தெளிவாகத் தெரியும். எனவே சாறும் குழாய் நீரும் சேர்ந்து எல்லாவற்றிலும் சரியாக 40 மி.லி. வரும்படி அமைத்திருக்கிறோம்.

| லிட்டருக்கு (மி.கி.) | சாறு (மி.லி.) | குழாய் நீர் (மி.லி.) | கலங்கல் நீர் (மி.லி.) |
|---|---|---|---|
| 0 | 0 | 40 | 460 |
| 50 | 2.5 | 37.5 | 460 |
| 100 | 5 | 35 | 460 |
| 200 | 10 | 30 | 460 |
| 400 | 20 | 20 | 460 |
| 800 | 40 | 0 | 460 |

கணக்கு: 1 கிராம் பொடிக்கு 100 மி.லி. நீர் என்றால் ஒரு மி.லி. சாற்றுக்கு 10 மி.கி. வரும். 5 மி.லி. சாறு என்றால் 50 மி.கி. அது 500 மி.லி. நீரில் போவதால் லிட்டருக்கு 100 மி.கி. ஆகிறது.

ஒப்பீட்டுப் பீக்கர்கள்

சாறு சேர்க்காத பீக்கர், களிமண் தானாக எவ்வளவு படிகிறது என்பதைக் காட்டும். அது இல்லாவிட்டால் விதையால் வந்த தெளிவையும் நேரம் போனதால் வந்த தெளிவையும் பிரிக்க முடியாது.

இன்னொன்று கட்டாயம் வேண்டும். விதைச் சாறே பால் போல் லேசாக வெளுத்திருக்கும். 800 மி.கி. பீக்கரில் தெளிவு குறைந்தால் அதற்குக் காரணம் துகள்கள் மறுபடி விலகியதா, சாற்றின் சொந்த வெளுப்பா? இதைப் பிரித்தறிய, களிமண்ணே இல்லாத 460 மி.லி. குழாய் நீரில் 40 மி.லி. சாறு கலந்து, மற்றவற்றைப் போலவே கலக்கி, தெளியவிட்டு அளப்போம். அந்த நீர் தெளிவாக இருந்தால் எங்கள் மின்சுமை விளக்கம் நிற்கும். அதுவே மங்கலாக இருந்தால், இறக்கம் கிடைத்தாலும் அதை எங்கள் விளக்கத்துக்குச் சான்றாகக் காட்ட மாட்டோம்.

செய்முறை

முந்தைய நாள்: வயல் களிமண்ணை உலர்த்திப் பொடித்துச் சலித்து, வாளி நீரில் இரவு முழுக்க ஊறவிடுவோம். காலையில் நன்றாகக் கலக்கி 30 நிமிடம் விட்டு, மணலும் கனமான மண்ணும் அடியில் தங்கிய பிறகு மேல்நீரை மட்டும் வேறு வாளிக்கு மாற்றுவோம். பார்வை ஆழம் 3 செ.மீ. வரும்வரை அதைக் குழாய் நீரால் நீர்ப்போம். மூன்று சுற்றுக்கும் தொடக்கம் இதே 3 செ.மீ.தான்.

சாறு: நெற்றை உடைத்து, சிறகும் ஓடும் நீக்கி, வெள்ளைப் பருப்பை மட்டும் எடுத்து இடிப்போம். பழுப்பேறியதும் பூஞ்சை பிடித்ததும் ஆகாது. 1.5 கிராம் பொடியை 150 மி.லி. நீரில் 5 நிமிடம் குலுக்கி மெல்லிய துணியில் வடிகட்டுவோம். நேரம் ஆக ஆக அதன் திறன் குறையக்கூடும் என்பதால் ஒவ்வொரு சுற்றுக்கும் அன்றைக்கே புதிதாக எடுப்போம்.

1. ஒருவர் சாற்றையும் நீரையும் அட்டவணைப்படி அளந்து, வெளியே காகிதம் சுற்றிய ஆறு கோப்பைகளில் ஊற்றி, க, ங, ச, ஞ, ட, ண என்று குறியிடுவார். எந்தக் குறி எந்த அளவு என்பது அவருக்கு மட்டும் தெரியும். குறிகள் சுற்றுக்குச் சுற்று மாறும்.
2. வாளியைக் கலக்கிக்கொண்டே ஆறு பீக்கர்களிலும் 460 மி.லி. ஊற்றுவோம். கலக்காமல் ஊற்றினால் கடைசிப் பீக்கருக்கு வேறு நீர் போய்விடும்.
3. முதல் மூன்று பீக்கர்களில் ஒரே நேரத்தில் கோப்பைகளைச் சாய்த்து, ஆளுக்கு ஒன்றாகக் கண்ணாடிக் கோலால் 1 நிமிடம் வேகமாக (நொடிக்கு இரண்டு சுற்று), பிறகு 10 நிமிடம் மெதுவாக (3 நொடிக்கு ஒரு சுற்று) கலக்குவோம்.
4. 13-ஆம் நிமிடத்தில் அடுத்த மூன்றையும் அப்படியே தொடங்குவோம்.
5. ஒவ்வொரு தொகுதியும் கலக்கி முடிந்த நேரத்திலிருந்து 45 நிமிடம் அசையாமல் இருக்கும். முதல் தொகுதியை 56-ஆம் நிமிடத்திலும் இரண்டாவதை 69-ஆம் நிமிடத்திலும் அளக்கத் தொடங்குவோம். இரண்டு பாடவேளைக்குள், 90 நிமிடத்தில், முடிந்துவிடும்.
6. நீர்மட்டத்துக்கு 2 செ.மீ. கீழே சிரிஞ்சின் முனையை வைத்து, அடிப்படிவு கலங்காமல் 100 மி.லி. எடுப்போம்.
7. அடியில் கருப்புச் சிலுவைக்குறி வைத்த 100 மி.லி. அளவு ஜாடியில் நீரைச் சிறிது சிறிதாக ஊற்றி, மேலிருந்து பார்க்கும்போது குறி மறையும் உயரத்தை ஜாடியில் ஒட்டிய அளவுகோலில் படிப்போம். இதுவே பார்வை ஆழம். படிப்பவர் குறியிட்டவராக இருக்கக் கூடாது.

மொத்தம் மூன்று சுற்றுகள், மூன்று நாட்களில். மூவரின் கைவேகமும் ஒன்றாக இருக்காது. அதனால் ஒருவர் எப்போதும் ஒரே அளவைக் கலக்காதபடி சுற்றுக்குச் சுற்று பீக்கர்களை மாற்றிக்கொள்வோம்.

முன்னோட்டம்

அளவுக்குரிய சுற்றுகளுக்கு முன் ஒரு நாள் 0, 200 மி.கி. ஆகிய இரண்டையும், படிகாரம் (லிட்டருக்கு 50 மி.கி.) போட்ட ஒன்றையும் மட்டும் செய்து பார்ப்போம். படிகாரப் பீக்கரும் தெளியவில்லை என்றால் குறை விதையில் இல்லை, எங்கள் கலக்கலிலோ களிமண்ணிலோ இருக்கிறது. அப்புறம், எங்கள் ஜாடி 18 செ.மீ. உயரம்தான். 200 மி.கி. பீக்கரின் நீரில் குறி கடைசிவரை மறையாவிட்டால், கருப்பு மையைவிட மங்கலான பென்சில் குறிக்கு மாறுவோம். அந்த மாற்றம் முன்னோட்டத்திலேயே முடிவாகிவிட வேண்டும். சுற்றுகள் தொடங்கிய பிறகு குறியை மாற்ற மாட்டோம்.

கணக்கிடும் முறை

ஒவ்வோர் அளவுக்கும் மூன்று சுற்றுகளின் சராசரியையும், மிகக் குறைந்த மிக அதிக மதிப்புகளையும் எழுதுவோம். வரைபடத்தில் கிடை அச்சில் அளவு, நிலை அச்சில் பார்வை ஆழம். அடுத்தடுத்த இரண்டு அளவுகளின் மதிப்புகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தால், சராசரி வேறுபட்டாலும் அவற்றுக்கிடையே வேறுபாடு உண்டு என்று சொல்ல மாட்டோம். ஒரு மதிப்பு விலகித் தெரிகிறது என்பதற்காக அதை நீக்கவும் மாட்டோம். பீக்கர் தட்டியது, நேரம் தவறியது போன்ற காரணம் அப்போதே நோட்டில் எழுதப்பட்டிருந்தால்தான் நீக்குவோம்.

பாதுகாப்பு

தெளிந்த நீரை யாரும் குடிக்கக் கூடாது. கண்ணுக்குத் தெளிவாக இருப்பதால் கிருமி இல்லை என்று ஆகாது. சாற்றின் கரிமப் பொருள் நீரில் தங்குவதால் வைத்திருந்தால் பாக்டீரியா பெருகவும் கூடும். அளந்த நீரையும் படிவையும் அன்றே தோட்டத்தில் ஊற்றிவிடுவோம். படிகார நீரை ஆய்வகத் தொட்டியில் கொட்டுவோம்.

ஆய்வகத்திலிருந்து வேண்டியவை: ஒரே அளவிலான ஒரு லிட்டர் பீக்கர் ஏழு, 100 மி.லி. அளவு ஜாடி ஒன்று, 10 மி.லி. பிப்பெட், 50 மி.லி. சிரிஞ்ச், 0.01 கிராம் வரை காட்டும் தராசு, வெப்பநிலைமானி, படிகாரம். களிமண், விதை, வாளி, துணி ஆகியவற்றை நாங்களே கொண்டுவருகிறோம். ஏழு பீக்கர் ஒரே மாதிரி கிடைக்காவிட்டால் ஆறு போதும். களிமண் இல்லாத ஒப்பீட்டை ஒவ்வொரு சுற்றுக்கும் முன்னால், உணவு இடைவேளையில், அதே சாற்றைக் கொண்டு தனியாகச் செய்துகொள்கிறோம்.