யாழினியின் கெமிஸ்ட்ரி விடை: 15 எப்படி 11 ஆனது

அன்புள்ள யாழினி,

நீ டிரைவில் ஏற்றிய இரண்டையும் நேற்று இரவு பார்த்துவிட்டேன்: உன் விடைத்தாளின் படங்கள், டிரையல் தேர்வுக்குப் புள்ளியிடும் ஸ்கெமா. "டீச்சர், ஸ்கெமாவ வச்சு நானே திருத்திப் பார்த்தேன், 15 வருது. ஸ்கூல்ல 10தான் போட்டிருக்காங்க" என்று எழுதியிருந்தாய். ஸ்கெமாவை அச்செடுத்து, உன் பதிலை அதன் பக்கத்தில் வைத்து, வரி வரியாகப் பார்த்தேன். எனக்கு வந்தது 11. பள்ளியில் போட்டதைவிட ஒன்று கூட, நீ போட்டதைவிட நான்கு குறைவு. அந்த ஒன்றையும் நான்கையும் இங்கே எழுதுகிறேன்.

(அ) சமன்பாடு, 2 புள்ளி. Zn + 2HCl → ZnCl₂ + H₂ என்று எழுதியிருக்கிறாய். வாய்பாடுகளுக்கு ஒன்று, சமன் செய்ததற்கு ஒன்று. இரண்டும் உனக்கே.

(ஆ) ஹைட்ரஜன் வாயுவின் அதிகபட்சக் கன அளவு, 3 புள்ளி. நீ உனக்கு 2 போட்டுக்கொண்டாய். நான் 1தான் போடுவேன். முதல் வரி சரி: 0.2 × 50 ÷ 1000 = 0.01 மோல் HCl. அடுத்த வரியிலேயே 0.01 × 24 = 0.24 dm³ என்று தாவிவிட்டாய். இடையில் ஒரு வரி இருக்க வேண்டும். 2 மோல் HCl-லிருந்து 1 மோல் H₂ வருகிறது, ஆகவே 0.01 மோல் HCl-லிருந்து 0.005 மோல் H₂. அப்புறம் 0.005 × 24 = 0.12 dm³, அதாவது 120 cm³. ஸ்கெமாவில் இரண்டாவது புள்ளி அந்த விகிதத்துக்கு, மூன்றாவது யூனிட்டோடு சேர்ந்த சரியான விடைக்கு. "24-ஆல பெருக்கியிருக்கேனே" என்று நீ ஒரு புள்ளி கொடுத்திருக்கிறாய். பெருக்கலுக்கென்று தனிப் புள்ளி இந்த ஸ்கெமாவில் இல்லை. முன்னால் செய்த தவறைப் பொறுத்துக்கொண்டு அடுத்த வரிக்குப் புள்ளி கொடுக்கலாம் என்ற குறிப்பும் இந்தக் கேள்விக்கு இல்லை.

வருத்தம் என்னவென்றால், மேலே (அ)-வில் HCl-க்கு முன்னால் அந்த 2-ஐ எழுதியது நீதான். நான்கு வரி கீழே வருவதற்குள் அதை மறந்துவிட்டாய். அந்த 0.24-ஐ நினைவில் வைத்துக்கொள், (ஈ)-யில் மறுபடியும் வரும்.

(இ) இதுதான் பெரிய இழப்பு. 5 புள்ளி. நீ போட்டுக்கொண்டது 4, என் கணக்கில் 2.

கேள்வி இதுதான்: செட் I-இல் 50 cm³ 0.2 mol dm⁻³ ஹைட்ரோகுளோரிக் அமிலம், செட் II-இல் அதே அளவு, அதே செறிவில் சல்பூரிக் அமிலம். இரண்டிலும் ஸிங்க் மிகுதியாக இருக்கிறது. வினை வேகத்தை ஒப்பிட்டு மோதல் கோட்பாட்டால் விளக்க வேண்டும். நீ மலாயில் எழுதியதைத் தமிழில் சொன்னால்:

"செட் II-இன் வினை வேகம் செட் I-ஐ விட அதிகம். ஏனென்றால் சல்பூரிக் அமிலம் அதிக வலிமையான அமிலம். அதில் ஹைட்ரஜன் அயனிகள் அதிகம். அதனால் துகள்கள் அதிகமாக மோதிக்கொள்கின்றன. பயனுள்ள மோதல்களின் ஃபிரெகுவென்சி அதிகரிக்கிறது."

முதல் வாக்கியத்துக்கு ஒரு புள்ளி. எதை எதோடு ஒப்பிடுகிறாய் என்று இரண்டு செட்டையும் சொல்லியிருக்கிறாய், நல்லது. "செட் II வேகமானது" என்று மட்டும் எழுதி அதையும் இழப்பவர்கள் நம் வகுப்பிலேயே இருக்கிறார்கள்.

இரண்டாவது வாக்கியம் தவறு. வெறும் சொல் குறை என்று நினைக்காதே, கருத்தே தவறு. ஹைட்ரோகுளோரிக் அமிலமும் வலிமையான அமிலம்தான், அதுவும் நீரில் முழுமையாக அயனியாகிறது. ஆகவே "அசிட் குவாட்" என்று எழுதினால் இரண்டுக்கும் வித்தியாசமே சொன்னதாக ஆகாது. ஸ்கெமா கேட்பது "அசிட் டிபுரோட்டிக்". ஒரு H₂SO₄ இரண்டு ஹைட்ரஜன் அயனிகளைத் தரும், ஒரு HCl ஒன்றைத்தான் தரும். ஸ்கெமாவின் ஓரத்தில் "தோலாக்: அசிட் குவாட்" என்று அச்சிட்டே இருக்கிறது, பார். நீ அதன்மேல் டிக் போட்டிருக்கிறாய்! தோலாக் என்று எழுதியிருந்தால் அந்த விடையை ஏற்கவே கூடாது என்று பொருள். திருத்துபவரே நினைத்தாலும் கொடுக்க முடியாது.

மூன்றாவது வாக்கியத்தில்தான் உனக்கு என்மேல் கோபம் வரும் என்று தெரியும். "ஹைட்ரஜன் அயனிகள் அதிகம்" என்பது உண்மைதானே டீச்சர் என்பாய். உண்மைதான். ஆனால் 100 cm³ அமிலம் எடுத்தால் 50 cm³-இல் இருப்பதைவிட அயனிகள் அதிகம்தான் இருக்கும். அதனால் வினை வேகமாக நடக்குமா? நடக்காது. அதே இடத்துக்குள் எத்தனை அயனிகள் நெருங்கி இருக்கின்றன என்பதுதான் மோதலைத் தீர்மானிக்கிறது. அதனால்தான் ஸ்கெமா "ஹைட்ரஜன் அயனிகளின் செறிவு அதிகம்" அல்லது "ஒரு யூனிட் கன அளவில் ஹைட்ரஜன் அயனிகளின் எண்ணிக்கை அதிகம்" என்று இரண்டில் ஒன்றைக் கேட்கிறது. நடுவில் இருக்கும் சாய்கோடு "இதுவோ அதுவோ" என்பதற்கு. நீ எழுதியது இதுவுமில்லை, அதுவுமில்லை. "பெர் உனிட் இசி பாடு", நான்கே சொல். அது இல்லாததால் ஒரு புள்ளி போயிற்று.

நான்காவது வாக்கியத்தில் இரண்டு குறை. எந்தத் துகள்கள்? ஸிங்க் அணுக்களும் ஹைட்ரஜன் அயனிகளும் என்று பெயர் சொல்ல வேண்டும். குளோரைடு அயனிகூட அதே கரைசலில்தான் மிதக்கிறது, அது இந்த வினையில் பங்கெடுக்கவில்லை. அடுத்து, "அதிகமாக மோதுகின்றன" என்றால் நேரம் அதில் இல்லை. ஒரு மணி நேரம் விட்டால் மெதுவான வினையிலும் நிறைய மோதல் நடக்கும். ஒரு குறிப்பிட்ட நேரத்தில் எத்தனை மோதல் என்பதுதான் ஃபிரெகுவென்சி. அந்தச் சொல்லை ஸ்கெமாவில் அடிக்கோடிட்டிருக்கிறார்கள். அடிக்கோடிட்ட சொல் இல்லாமல் புள்ளி கிடையாது.

ஐந்தாவது வாக்கியத்தில் நீயே ஃபிரெகுவென்சி என்று சரியாக எழுதி ஒரு புள்ளி வாங்கியிருக்கிறாய். சொல் உனக்குத் தெரியாமல் இல்லை. கடைசியில் எழுதினால் மேலே உள்ள வரிக்கும் சேர்ந்துவிடும் என்று நினைத்திருக்கிறாய், அவ்வளவுதான். சேராது. மோதலுக்குத் தனியாக, பயனுள்ள மோதலுக்குத் தனியாக, இரண்டு முறை எழுத வேண்டும்.

முழுதாக எழுதினால் இப்படி வரும்:

செட் II-இன் வினை வேகம் செட் I-ஐ விட அதிகம். சல்பூரிக் அமிலம் டிபுரோட்டிக், ஹைட்ரோகுளோரிக் அமிலம் மோனோபுரோட்டிக். செட் II-இல் ஒரு யூனிட் கன அளவில் உள்ள ஹைட்ரஜன் அயனிகளின் எண்ணிக்கை அதிகம். ஸிங்க் அணுக்களுக்கும் ஹைட்ரஜன் அயனிகளுக்கும் இடையிலான மோதல்களின் ஃபிரெகுவென்சி செட் II-இல் அதிகம். பயனுள்ள மோதல்களின் ஃபிரெகுவென்சியும் செட் II-இல் அதிகம்.

நீ எழுதியதும் ஐந்து வாக்கியம், இதுவும் ஐந்து வாக்கியம். கூடுதல் நேரம் ஒரு நிமிடம்கூட ஆகாது.

(ஈ) வரைபடம், 3 புள்ளி. நீ போட்டது 2, நான் போட்டது 1. செட் II-இன் கோடு செங்குத்தாக ஏறுவதற்கு ஒரு புள்ளி கிடைக்கும். அச்சுகளில் "கன அளவு", "நேரம்" என்று எழுதிவிட்டு cm³, s இரண்டையும் விட்டுவிட்டாய். அந்தப் புள்ளி இல்லை என்று நீயே சரியாகக் கழித்திருக்கிறாய்.

ஆனால் இரண்டு கோடுகளும் 240-இல் போய்ச் சமமாக நிற்கின்றன. இங்கேதான் அந்த 0.24 திரும்பி வருகிறது. செட் II-இல் 0.01 மோல் H₂SO₄, அதிலிருந்து 0.01 மோல் H₂, ஆக 240 cm³. அது சரி. செட் I-க்கு 120-தான் வர வேண்டும். (ஆ)-வில் விகிதத்தை விட்டதால் உனக்கு அங்கேயும் 240 வந்தது. இரண்டும் ஒன்றாக இருப்பதைப் பார்த்து, "ஸிங்க் மிகுதி, ஆகவே ஒரே அளவு வாயு" என்று சமாதானம் செய்துகொண்டாய் போலிருக்கிறது. ஸிங்க் மிகுதியாக இருந்தால் வாயுவின் அளவை அமிலம்தான் முடிவு செய்யும். செட் II-இல் ஹைட்ரஜன் அயனிகள் இரண்டு மடங்கு, வாயுவும் இரண்டு மடங்கு. (ஆ)-வில் எழுதாமல் விட்ட அந்த ஒரே வரி அங்கே இரண்டு புள்ளியையும் இங்கே ஒரு புள்ளியையும் கொண்டுபோய்விட்டது. 20-இல் 3. இன்று ஒன்றை மட்டும் சரிசெய்ய உனக்கு நேரம் இருந்தால் இதைச் செய்.

(உ) வெப்பநிலையின் விளைவைக் காட்டும் சோதனை, 7 புள்ளி. இங்கே நீயும் 5, நானும் 5. ஆனால் நம் ஐந்தும் ஒரே ஐந்து இல்லை.

சோடியம் தையோசல்பேட்டை அளந்து ஊற்றியது, 30 °C-க்குச் சூடாக்கியது, அமிலத்தை வேகமாக ஊற்றி ஸ்டாப்வாட்சைத் தொடங்கியது, 'X' மறைந்ததும் நிறுத்தியது, இந்த நான்கும் சரி. குடுவையைக் குலுக்கியதை எழுதவில்லை. லேப்பில் நீ குலுக்கித்தான் செய்திருப்பாய், எழுதும்போது விட்டுவிட்டாய். "வேறு வெப்பநிலைகளில் திரும்பச் செய்ய வேண்டும்" என்பதற்கு நீ ஒரு புள்ளி எடுத்துக்கொண்டாய். அது கிடைக்காது. ஸ்கெமாவில் 40, 50, 60 °C என்ற எண்களும், கரைசல்களின் கன அளவும் செறிவும் மாறக்கூடாது என்பதும் வேண்டும்.

ஆனால் நீ கவனிக்காத ஒரு புள்ளி உனக்கு வர வேண்டும். குடுவையை 'X' போட்ட தாளின்மேல் வைப்பதற்கு ஒரு புள்ளி. நீ அதை வாக்கியமாக எழுதவில்லை, ஆனால் அடுத்த பக்கத்தில் படம் வரைந்து, குடுவைக்குக் கீழே தாளையும் 'X'-ஐயும் பெயரிட்டுக் காட்டியிருக்கிறாய். ஸ்கெமாவில் அந்த வரிக்கு நேராக "தெரிமா டாரிபாடா ராஜா" என்று இருக்கிறது, படத்திலிருந்தும் ஏற்கலாம் என்று. பக்கம் திரும்பிவிட்டதால் திருத்தியவர் கண்ணில் படாமல் போயிருக்கலாம். அத்தனை தாள் திருத்தும்போது இது நடக்கிற விஷயம்தான். விடைத்தாளையும் ஸ்கெமாவின் அந்தப் பக்கத்தையும் எடுத்துக்கொண்டு போய், "டீச்சர், இந்தப் படத்தைக் கொஞ்சம் பார்க்க முடியுமா?" என்று மரியாதையாகக் கேள். 15 என்ற பேச்சை அங்கே எடுக்காதே. இந்த ஒன்றை மட்டும் கேள்.

ஆக, 2, 1, 2, 1, 5. மொத்தம் 11.

வியாழக்கிழமை செந்தூல் வகுப்புக்கு வரும்போது (ஆ)-வையும் (ஈ)-யையும் புதிதாகச் செய்து கொண்டு வா. (இ)-யை நான் மேலே எழுதியதைப் பார்க்காமல் மலாயில் எழுது, எழுதி முடித்ததும் நீயே ஸ்கெமாவை வைத்துத் திருத்து. இந்த முறை டிக் போடுவதற்கு முன், ஸ்கெமாவில் அடிக்கோடிட்ட ஒவ்வொரு சொல்லும் உன் தாளில் எங்கே இருக்கிறது என்று பென்சிலால் வட்டமிட்டுக் காட்டு. வட்டம் போட இடமில்லாத வரிக்கு டிக் போடாதே. உன் எண்ணையும் என் எண்ணையும் வகுப்பு தொடங்குவதற்கு முன் ஒப்பிட்டுப் பார்ப்போம். ஆறு மணிக்கே வந்துவிடு.

அன்புடன்,
டீச்சர்