கேட்டது டில்டிங் கிரைண்டர், வந்தது வேறு மாடல்: மாற்றித் தரக் கோரி

13.11.2025
திருநெல்வேலி

விற்பனையாளர் அவர்களுக்கு,

வணக்கம். நவம்பர் 6 அன்று உங்களிடம் TG-203 மாடல் வெட் கிரைண்டர் ஆர்டர் செய்து, ரூ. 6,450 முழுவதையும் யுபிஐயில் கட்டினேன். ஆர்டர் எண் 4071-2295836. 11-ஆம் தேதி சாயங்காலம் பெட்டி வந்தது. உள்ளே இருப்பது அந்த மாடல் இல்லை.

ஐந்து படங்கள் இணைத்திருக்கிறேன். முதல் படம், ஆர்டர் செய்த அன்றே நான் எடுத்து வைத்த உங்கள் விற்பனைப் பக்கம்: 2 லிட்டர், மூன்று கூம்புக் கல், டிரம்மைச் சாய்த்து மாவு எடுக்கும் வகை. இரண்டாவது, வந்த கிரைண்டர். கல் இரண்டுதான், அதுவும் உருளைக் கல். சாய்க்கும் கைப்பிடியே கிடையாது. மூன்றாவது, அடியில் உள்ள தகடு: TT-125, 1.25 லிட்டர் என்று தெளிவாகப் படிக்கலாம்.

நான்காவது படத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். பெட்டியின் மேல் TG-203 என்று ஒரு ஸ்டிக்கர். அதன் ஓரம் தானாகவே கிளம்பியிருந்தது. அடியில் அச்சிட்டிருப்பது TT-125, அதிகபட்ச சில்லறை விலை ரூ. 4,290. இதை யார் ஒட்டினார்கள் என்று எனக்குத் தெரியாது, நீங்கள்தான் சொல்ல வேண்டும். ஐந்தாவது உங்கள் பில். அதில் TG-203 என்றே இருக்கிறது.

நேற்று உங்கள் சாட்டில் கேட்டதற்கு, "படத்துக்கும் பொருளுக்கும் சிறு நிற வேறுபாடு இருக்கலாம்" என்று பதில் வந்தது. மூன்று கல் இரண்டானது நிற வேறுபாடா? அப்புறம், ரூ. 500 திருப்பித் தருகிறோம், இதையே வைத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். வேண்டாம். அம்மாவுக்குத் தோள்வலி, டிரம்மைத் தூக்கி மாவு வழிக்க முடியாது. அதற்காகத்தான் கூடுதல் விலை கொடுத்து டில்டிங் வாங்கினேன். பெட்டியைப் பிரிக்கும்போது வீடியோ எடுக்கவில்லை என்பதையும் காரணமாகச் சொன்னார்கள். அப்படி ஒரு நிபந்தனை உங்கள் விற்பனைப் பக்கத்தில் எங்கும் இல்லை.

சரி, எனக்கு வேண்டியது இதுதான். உங்கள் செலவில் இதை எடுத்துக்கொண்டு TG-203 அனுப்புங்கள். இருப்பு இல்லையென்றால் ரூ. 6,450 முழுவதும் என் கணக்குக்கு வர வேண்டும். விளம்பரத்தில் சொன்ன அம்சங்கள் இல்லாத பொருளைத் திரும்பப் பெறவோ பணத்தைத் தரவோ விற்பனையாளர் மறுக்கக் கூடாது என்று 2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிக) விதிகள் சொல்கின்றன. புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் உறுதிசெய்ய வேண்டும் என்பதும் அதே விதிகளில் உண்டு. நவம்பர் 20-க்குள் முடிவு தெரியாவிட்டால், இதே படங்களோடு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்வேன்.

கிரைண்டரில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட ஊற்றவில்லை. வந்தபடியே பெட்டியில் இருக்கிறது, அந்த ஸ்டிக்கரையும் நான் தொடவில்லை. எடுக்க ஆள் வருவதாக இருந்தால் மாலை 4 மணிக்கு மேல் அனுப்புங்கள். முகவரியும் போன் எண்ணும் ஆர்டரில் உள்ளவையே.

இப்படிக்கு,
மீனாட்சி

இணைப்பு: படங்கள் 5, சாட் உரையாடலின் ஸ்கிரீன்ஷாட்