செந்தில் அண்ணாவுக்கு ஒரு கடிதம்

மன்னார்குடி
12.10.2025

அன்புள்ள செந்தில் அண்ணாவுக்கு,

இங்கே அனைவரும் நலம். பெரியம்மாவின் முட்டிவலி குறைந்திருக்கிறது. நேற்று தனியாகவே கொல்லைக்குப் போய் முருங்கைக்கீரை ஒடித்து வந்தார்கள்.

உங்கள் சிங்கப்பூர் கம்பெனியிலிருந்து எனக்கு வேலை உறுதியாகிவிட்டது. மாதம் 5,800 வெள்ளி. 18ஆம் தேதிக்குள் பதில் சொல்ல வேண்டும். அதற்கு முன் உங்களிடம் சில கேள்விகள். வீட்டுக்குச் சொல்லும் பதில் எனக்கு வேண்டாம், அண்ணா. உள்ளதைச் சொல்லுங்கள்.

ஆவணியில் வீடியோவில் பேசினோமே, இங்கே இரவு எட்டு, அங்கே பத்தரை. "சாப்பிட்டாயிற்று" என்று பெரியம்மாவிடம் சொன்னீர்கள். உங்களுக்குப் பின்னால் அலுவலக மேசையில் பிரிக்காத சாப்பாட்டுப் பொட்டலம் இருந்தது. பெரியம்மா கவனிக்கவில்லை, நான் கவனித்தேன். அன்று மட்டும்தானா, தினமும் அப்படித்தானா? உடம்புக்கு முடியாமல் எம்.சி. விடுப்பு எடுத்தால் மேலாளர் முகம் சுளிப்பாரா? நீங்கள் சேர்ந்தபோது இருந்தவர்களில் எத்தனை பேர் இன்னும் இருக்கிறார்கள்?

அடுத்தது வேலை அனுமதி பாஸ். இதுதான் என் தூக்கத்தைக் கெடுக்கிறது. எம்ப்ளாய்மெண்ட் பாஸ் என்றுதான் சென்னை ஏஜென்ட் சொல்கிறார். ஆனால் 2025 ஜனவரி முதல் அதற்குக் குறைந்தபட்சச் சம்பளமே 5,600 வெள்ளி, அதுவும் 23 வயதுக்காரருக்கு. வயது ஏற ஏறத் தொகையும் ஏறுகிறது. எனக்கு 32; 5,800 எப்படிப் போதும்? அதற்கு அடுத்த நிலையில் உள்ள எஸ் பாஸ்தான் போடப்போகிறார்களோ? எதுவானாலும் மனைவியையும் பிள்ளையையும் அழைத்துக்கொள்ளச் சம்பளம் 6,000 இருக்க வேண்டும் என்பது விதி. 200 வெள்ளிக் குறைவால் கயல் அப்பாவை போனில் மட்டும் பார்த்து வளர வேண்டியதில்லை. 6,000 கேட்டால் கொடுப்பார்களா? புதுப்பிக்கும் நேரத்தில் கம்பெனி உண்மையாகவே துணை நிற்குமா? வேலை போனால் ஒரு மாதத்துக்குள் கிளம்ப வேண்டியிருக்கும் என்கிறார்கள். அப்படி யாரையாவது அனுப்பினார்களா?

ஏஜென்ட் இரண்டு லட்சம் கேட்கிறார், ரசீது தர மாட்டாராம். முதலாளி வேலை கொடுப்பதற்காகத் தொழிலாளியிடம் காசு வாங்குவது அங்கே குற்றம். அந்தப் பணத்தில் உங்கள் அலுவலகத்தில் யாருக்கும் பங்கு போகிறதா என்று விசாரித்துச் சொல்லுங்கள். பங்கு போகிறது என்றால் நான் வரவில்லை.

செலவுக் கணக்கு உங்கள் கையெழுத்தில் வேண்டும்: அறை வாடகை, முன்பணம், ரயில், போன், சாப்பாடு. அரசு கட்டிய வீவக அடுக்குமாடி வீட்டில் அறை எடுத்தால் சமைக்க விடுகிறார்களா? கயலின் அம்மா கேட்ட முதல் கேள்வியே அதுதான். தேக்கா சந்தையில் மாதம் எவ்வளவு ஆகிறது? ஊருக்கு அனுப்பியதுபோக உங்கள் கையில் என்ன மிஞ்சுகிறது?

வாட்ஸ்அப்பில் குரல்பதிவாக அனுப்பினாலும் போதும். குடும்பக் குழுவில் போடாமல் எனக்கு மட்டும் அனுப்புங்கள்.

அன்புத் தம்பி,
மணிமாறன்