கூத்தனூரில் பாப்பா எழுதிய முதல் எழுத்து

தாயே, சரஸ்வதி, விஜயதசமிக் கூட்டத்தில் இரண்டு மணி நேரம் வரிசையில் நின்று பாப்பாவைக் கொண்டுவந்து உன் முன்னால் உட்கார வைத்திருக்கிறேன். மூன்று வயது முடிந்து நாலு மாதம். தாம்பாளத்தில் பரப்பியிருப்பது நம் வயல் குறுவையில் வந்த பச்சரிசி, போன வாரம்தான் அரைத்தது. அதில் 'அ' எழுத அவள் முதலில் நீட்டியது இடது கை. எல்லாரும் "சோத்துக் கை, சோத்துக் கை" என்றார்கள். சரி, சம்பிரதாயம் என்று நானும் வலது விரலைப் பிடித்துச் சுழித்து, வளைத்து, கீழே இழுத்து, கடைசியில் நேர்க்கோடு போட்டுவிட்டேன். இன்றைக்கு ஒரு நாள் மட்டும்தான் தாயே. நாளையிலிருந்து எந்தக் கையில் அவளுக்கு எழுத வருகிறதோ அந்தக் கையிலேயே எழுதட்டும்.

ஏன் இதைக் கேட்கிறேன் என்று உனக்குத் தெரியும். எனக்கும் இடது கைதான். ஒண்ணாம் வகுப்பில் அதற்காகவே மரஸ்கேல் குறுக்காக விழுந்து மொளி வீங்கியதும், சிலேட்டைப் பார்த்தாலே வயிறு கலக்கியதும், எட்டாவதோடு நான் வயலுக்கு வந்துவிட்டதும் உனக்குத் தெரியாதா. இந்தக் கோயிலில் நீ புத்தகம் வைத்திருப்பதும் இடது கையில்தானே. சின்ன வயதில் அதை ஒருவரும் எனக்குக் காட்டவில்லை. பாப்பாவைத் தூக்கி அதைத்தான் முதலில் காட்டினேன்.

அவளுக்கு முதல் மார்க்கு வேண்டும் என்று கேட்கவில்லை. 247 எழுத்தில் ஒன்றைப் பார்த்துக்கூட அவள் பயப்படக் கூடாது. 'ழ'வும் 'ள'வும் மாறிப்போனால் சிரித்துக்கொண்டே திருத்துகிற டீச்சரைக் கொடு. தெரியாததைத் தெரியாது என்று சொல்லவும், புரியாவிட்டால் எழுந்து நின்று கேட்கவும் தைரியம் கொடு. வயசுக்கு வந்ததும் படிப்பை நிறுத்து என்று எந்தச் சொந்தக்காரர் வந்து சொன்னாலும் எனக்கு வாய் அடைக்காமல் பார்த்துக்கொள்.

அப்புறம் என் அம்மா. அறிவொளி இயக்கம் வந்தபோது ராத்திரியில் விளக்கடியில் உட்கார்ந்து கையெழுத்துப் போடக் கற்றது. அதோடு நின்றுபோச்சு. இன்னமும் பூந்தோட்டம் கடைத்தெருவில் பக்கத்தில் நிற்பவர்களிடம் "தம்பி, இந்த பஸ் எங்க போகுது" என்று கேட்டுத்தான் ஏறுகிறது. பேத்தி போர்டைப் படித்துச் சொல்லி அம்மா பஸ் ஏறுகிற நாள் வரைக்கும் அதற்கு ஆயுசைக் கொடு தாயே.

இந்த அரிசியை ராத்திரி பாயசம் வைத்து எல்லாருக்கும் கொடுப்போம். பாப்பா இப்போதே ஒரு பிடி வாயில் போட்டுக்கொண்டாள், கோபித்துக்கொள்ளாதே. அழிந்துபோன 'அ' மேலேயே மறுபடி விரலை வைக்கிறாள், இந்தத் தடவை இடது விரல். நான் பிடிக்கவில்லை. நீ பிடித்துக்கொள்.