தெருவிளக்குப் பழுது: முறையீட்டுக் கடிதம்

வினா: உங்கள் குடியிருப்புத் தெருவில் விளக்குகள் நீண்ட நாள்களாக எரியவில்லை. அதனால் மக்கள் படும் இன்னல்களை விளக்கி, உடனே சீரமைக்க வேண்டி உரிய அலுவலருக்கு முறையீட்டுக் கடிதம் எழுதுக. (உமது பெயர் மலர்விழி எனவும், தில்லி மயூர் விஹாரில் வசிப்பதாகவும் கொள்க.)

விடை:

அனுப்புநர்

க. மலர்விழி,
பத்தாம் வகுப்பு மாணவி,
பூங்கா ஓரத் தெரு,
மயூர் விஹார் ஃபேஸ் 1,
தில்லி – 110091.

பெறுநர்

உதவிப் பொறியாளர் அவர்கள்,
தெருவிளக்குப் பராமரிப்புப் பிரிவு,
வட்டார அலுவலகம்,
தில்லி.

மதிப்பிற்குரிய ஐயா,

பொருள்: பூங்கா ஓரத் தெருவில் 114 முதல் 117 வரையுள்ள விளக்குக் கம்பங்களின் பழுதை நீக்கவும், 115ஆம் கம்பத்தில் திறந்து கிடக்கும் மின்பெட்டியை இன்றே மூடவும் வேண்டுதல் – தொடர்பாக.

வணக்கம். பால் பூத்துக்கு எதிரே தொடங்கிப் பூங்காவின் பின்வாசல் வரை செல்லும் எங்கள் தெருவில் நான்கு விளக்குகள் உள்ளன. கடந்த அக்டோபர் கடைசியிலிருந்து அவை நான்கும் எரியவில்லை. ஜனவரியில் தில்லியில் மாலை ஆறு மணிக்குள் சூரியன் மறைந்துவிடுகிறது. காலை ஏழேகாலுக்குத்தான் விடிகிறது. அதற்கு இடையில் மூடுபனியும் இறங்கிவிட்டால் எதிரே வருபவர் யாரென்றே தெரிவதில்லை.

எல்லாவற்றுக்கும் முன்பாக 115ஆம் கம்பத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அதன் அடியில் உள்ள மின்பெட்டிக்கு மூடி இல்லை. வயர்கள் வெளியே தொங்குகின்றன. சிறு பிள்ளைகளின் கைக்கு எட்டும் உயரம் அது. டிசம்பர் கடைசி வாரம் பெய்த மழையில் அந்தக் கம்பத்தைச் சுற்றித் தண்ணீர் தேங்கி நின்றது. விளக்கு எரியவில்லை என்பதால் வயரில் மின்சாரம் இல்லை என்று நம்பிவிட முடியாது. குடியிருப்பில் உள்ள பெரியவர்கள் பிளாஸ்டிக் உறையைச் சுற்றிக் கட்டி, பிள்ளைகள் அருகே போகாமல் இரண்டு செங்கற்களை வைத்திருக்கிறார்கள். அது பாதுகாப்பு ஆகாது, ஐயா. மற்ற வேலைகளுக்கு நாள் ஆகலாம். இந்த ஒரு வேலைக்கு ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள்.

நாங்கள் இதுவரை சும்மா இருக்கவில்லை. நவம்பரில் தொலைபேசி வழியாகப் புகார் பதிவு செய்தோம். ஊழியர்கள் வந்து இரண்டு கம்பங்களில் எல்.இ.டி. விளக்கை மாற்றினார்கள். அன்று இரவு எரிந்தது, மறுவாரமே அணைந்துவிட்டது. ஆனால் எங்கள் புகார் "சரிசெய்யப்பட்டது" என்று முடித்து வைக்கப்பட்டிருக்கிறது. மறுபடி அழைத்தபோது, புதிதாகப் புகார் கொடுங்கள் என்றார்கள். அதையும் கொடுத்தோம். அப்புறம் யாரும் வரவில்லை.

வந்த ஊழியர்களைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. அவர்களிடம் விளக்கை மாற்றச் சொன்னார்கள், மாற்றினார்கள். பழுது விளக்கில் இல்லை என்பதுதான் நாங்கள் சொல்ல வருவது. தனித்தனி விளக்கு கெட்டிருந்தால் ஒன்று முன்னும் ஒன்று பின்னுமாக அணைந்திருக்கும். எங்கள் தெருவில் நான்கும் ஒரே இரவில் அணைந்தன. அதற்கு இரண்டு நாள் முன்புதான் குழாய் பதிக்க அந்தக் கம்பங்களை ஒட்டியே பள்ளம் தோண்டினார்கள். வெயில் காய்ந்த நாள்களில் 114ஆம் கம்பம் மட்டும் கொஞ்ச நேரம் விட்டு விட்டு எரிகிறது. ஈரம் பட்டால் அதுவும் இல்லை. எங்கள் குடியிருப்பில் வசிக்கும் ஓய்வுபெற்ற மின்பொறியாளர் ஒருவர் இதைப் பார்த்துவிட்டு, பள்ளம் தோண்டியபோது தரையடிக் கேபிள் அடிபட்டிருக்க வேண்டும், அந்த வழியாக ஈரம் உள்ளே இறங்குகிறது என்கிறார். கேபிளைச் சோதிக்காமல் விளக்கை மட்டும் மாற்றினால் பணமும் வீண், உழைப்பும் வீண் என்பது அவர் கருத்து. தங்கள் பிரிவினர் மெக்கர் என்னும் மின்காப்புச் சோதனைக் கருவியை வைத்து ஒருமுறை சோதித்தால் உண்மை தெரிந்துவிடும்.

இருட்டால் நாங்கள் படும் பாட்டையும் தாங்கள் அறிய வேண்டும். தோண்டிய பள்ளம் இன்னும் சரியாக மூடப்படவில்லை. மார்கழி என்பதால் இங்குள்ள தமிழ்க் குடும்பங்களில் பலர் அதிகாலையில் திருப்பாவை பாடக் கோயிலுக்குப் போகிறார்கள். அப்படிப் போன எங்கள் எதிர்வீட்டுப் பாட்டி அந்தப் பள்ளத்தில் கால் வைத்து விழுந்து மணிக்கட்டு முறிந்தது. இப்போது மாவுக்கட்டோடு வீட்டில் இருக்கிறார். பேட்டரி ரிக்‌ஷாக்காரர்கள் தெரு முனையிலேயே இறக்கிவிடுகிறார்கள். உள்ளே வரச் சொன்னால் பள்ளத்தில் சக்கரம் இறங்கிவிடும் என்கிறார்கள். அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

எனக்கு இதைவிடப் பெரிய வருத்தம் ஒன்று உண்டு. எங்கள் பொதுத்தேர்வு பிப்ரவரி 15ஆம் நாள் தொடங்குகிறது. நாங்கள் ஐந்து மாணவிகள் கணக்கு ட்யூஷன் முடித்து இரவு எட்டு மணிக்கு இந்தத் தெரு வழியாகத்தான் திரும்புவோம். சென்ற மாதம் பூங்காச் சுவர் ஓரம் இருட்டில் நின்றவர்கள் எங்களைப் பார்த்துக் கேலி பேசினார்கள். அதைக் கேட்டதும் என் தோழியின் அம்மா, "தேர்வு போனால் போகட்டும், நீ இனிமேல் போக வேண்டாம்" என்று அவளை நிறுத்திவிட்டார். அந்த அம்மாவை நான் எப்படிக் குற்றம் சொல்வேன்? அவர் வேலை முடிந்து வீடு திரும்பவே ஒன்பது மணி ஆகிறது. அழைத்து வர வீட்டில் வேறு ஆள் இல்லை. இதே தெருவில் பையன்கள் யாரும் ட்யூஷனை விடவில்லை. நான்கு விளக்குகள் எரிந்தால் என் தோழி நாளைக்கே வகுப்புக்கு வந்துவிடுவாள்.

தெருவிளக்கு கேட்பது சலுகை கேட்பது அல்ல என்று சமூக அறிவியல் பாடத்தில் படித்திருக்கிறோம். 74ஆவது திருத்தத்தின் வழியாக அரசமைப்புச் சட்டத்தில் சேர்ந்த 12ஆம் அட்டவணையில், நகர உள்ளாட்சிகளுக்கு ஒப்படைக்கத்தக்க 18 பொருள்கள் உள்ளன. அவற்றுள் 17ஆவதாக உள்ள பொது வசதிகளில் முதலில் எழுதப்பட்டிருப்பதே தெருவிளக்குதான்.

ஆகவே, 115ஆம் கம்பத்தின் மின்பெட்டிக்குப் போகும் மின்சாரத்தை நிறுத்தி, அதை இன்றே மூடித் தருமாறு வேண்டுகிறேன். அதன்பின் 114 முதல் 117 வரையுள்ள கேபிளைச் சோதித்து, சேதமான பகுதியை மாற்றி, விளக்குகளை எரியச் செய்ய வேண்டும். கேபிள் வேலைக்கு நாள் பிடிக்கும் என்றால், அதுவரை பூங்காவின் பின்வாசலில் தற்காலிகமாக ஒரு விளக்காவது போட்டுக் கொடுங்கள். பள்ளத்தை மூடுவது வேறு துறையின் வேலை என்பது எங்களுக்குத் தெரியும். நாங்கள் கேட்டால் ஒரு துறை இன்னொரு துறையைக் கைகாட்டுகிறது. தங்கள் அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் போனால் அவர்கள் மறுக்க மாட்டார்கள். மேலும், விளக்குகள் தொடர்ந்து ஒரு வாரம் எரிந்த பிறகே புகாரை முடித்து வைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். பார்வையிட வருபவர் இருட்டிய பின் வந்தால் நல்லது. எங்கள் குடியிருப்பினர் உடன் வந்து இடத்தைக் காட்டுவார்கள்.

நன்றி.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
க. மலர்விழி

இடம்: தில்லி
நாள்: 10.01.2025

இணைப்பு:
1. 115ஆம் கம்பம், மூடாத பள்ளம் ஆகியவற்றின் நிழற்படங்கள்
2. தெருவிலுள்ள 41 வீட்டாரின் கையொப்பங்கள்
3. முந்தைய இரண்டு புகார்களின் குறுஞ்செய்தி நகல்கள்

உறைமேல் முகவரி:

பெறுநர்
உதவிப் பொறியாளர் அவர்கள்,
தெருவிளக்குப் பராமரிப்புப் பிரிவு,
வட்டார அலுவலகம்,
தில்லி.